சாப்பாடு, வொர்க்‌ஷாப், டி-சர்ட் சேர்த்தா பதிவு பில்லோட மொத்தம் தப்பா வருது, யாராச்சும் பாருங்க

மடிவாளா பையன்:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து வருஷா வருஷம் ரெண்டு நாள் டெக் மாநாடு ஒண்ணு நடத்துறோம். பதிவு பண்ற சைட்டை முன்னாடி இருந்த ஒரு தன்னார்வலர் எழுதி வச்சாரு, அவரு இப்ப வேற ஊருக்குப் போயிட்டாரு, அதனால இந்தத் தடவை நான் பாத்துக்கறேன். இதுவரைக்கும் வெறும் நுழைவு டிக்கெட் மட்டும்தான், ஒரு ஆளுக்கு 1500 ரூபா. இந்த வருஷம் விருப்பப்பட்டா மதிய சாப்பாடு 250, வொர்க்‌ஷாப் சீட் 1200, டி-சர்ட் 500ன்னு மூணு எக்ஸ்ட்ரா சேத்தோம், அங்கதான் பிரச்சினை ஆரம்பிச்சுது.

ஒரு கம்பெனியிலேர்ந்து மூணு பேருக்கு ஒரே ஆர்டர்ல பதிவு பண்ணாங்க. முதல் ஆள் சாப்பாடு, வொர்க்‌ஷாப், டி-சர்ட் மூணும் எடுத்திருக்காரு. ரெண்டாவது ஆள் சாப்பாடு மட்டும். மூணாவது ஆள் எதுவும் வேணாம்னுட்டாரு. கையில கூட்டிப் பாத்தா நுழைவு 4500, எக்ஸ்ட்ரா 1950 + 250, ஆக மொத்தம் 6700 வரணும். பில்லுல 9700ன்னு வந்திருக்கு! அவங்க அக்கவுண்ட்ஸ்லேர்ந்து ஃபோன் பண்ணிக் கேக்கறாங்க. ஆனா தனி ஆளா வந்து சாப்பாடு மட்டும் எடுத்தவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் வருது. மொத்தம் போடற க்வெரி இதுதான்:

```sql
SELECT SUM(a.ticket_price) + COALESCE(SUM(e.price), 0)
FROM attendees a
LEFT JOIN extras e ON e.attendee_id = a.id
WHERE a.order_id = 41;
```

பதிவு திறந்தாச்சு, ஆளுங்க காசு கட்டிக்கிட்டே இருக்காங்க, கொஞ்சம் அவசரம்.

இ-சிட்டி கோடர்:

ப்ரோ இது ரொம்ப காமனான விஷயம், ஜாயின் பண்றப்ப ஒரே ஆளோட வரிசை திரும்பத் திரும்ப வருது, முதல் ஆளுக்கு மூணு எக்ஸ்ட்ரா இருக்கறதால அவரோட 1500 மூணு தடவை கூடிருச்சு. 9700 மைனஸ் 6700 எவ்ளோ? 3000. சரியா ரெண்டு டிக்கெட் காசு. `SUM(DISTINCT a.ticket_price)`ன்னு போடுங்க, எக்ஸ்ட்ராவுக்கும் அதே மாதிரி போடுங்க, முடிஞ்சுது.

மடிவாளா பையன்:

ரொம்ப நன்றி ப்ரோ, போட்டுப் பாத்தேன். ஒரே ஒரு ஆளு மூணு எக்ஸ்ட்ராவும் எடுத்த மாதிரி டெஸ்ட் ஆர்டர் போட்டா 3450 வந்துச்சு, கரெக்ட்டு. சந்தோஷமா அந்த மூணு பேர் ஆர்டரைத் திரும்ப ஓட்டினா அதுக்கும் 3450தான் வருது?? 6700 வர வேண்டிய இடத்துல 3450. இப்ப கம்மியாயிடுச்சு.

லெட்ஜர் அக்கா:

தம்பி அந்த DISTINCTஐ உடனே எடுத்துடுங்க, லைவ்ல போயிருந்தா இன்னும் மோசம். அதிகமா வாங்கிட்டா வாடிக்கையாளர் ஃபோன் பண்ணிச் சொல்லிடுவாங்க, கம்மியா வாங்கினா யாரும் சொல்ல மாட்டாங்க, வருஷக் கடைசியிலதான் உங்களுக்கே தெரியும்.

கோடர் தம்பி நோயைச் சரியா கண்டுபிடிச்சாரு, மருந்துதான் தப்பு. DISTINCT ஆளைப் பாக்காது, விலையைத்தான் பாக்கும். மூணு பேருக்கும் 1500ன்னா அதுக்கு அது ஒரே 1500. சாப்பாடு 250 ரெண்டு பேர் எடுத்திருக்காங்கல்ல, அதையும் ஒண்ணாக்கிடும். அதனால 1500, அப்புறம் 250, 1200, 500, கூட்டினா 3450. ஒரே ஆள் ஆர்டர்ல விலை எதுவும் ரெண்டு தடவை வராததால சரியா இருக்கற மாதிரி காட்டிச்சு. ஒரே ஆர்டர்ல ஒரே சாப்பாட்டை ரெண்டு பேர் எடுக்கற மாதிரி டெஸ்ட் எப்பவும் வச்சுக்கோங்க, இந்த வகைத் தப்பெல்லாம் அதுல மாட்டிக்கும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், சில பேர் இதைச் சரி பண்றேன்னு `LEFT JOIN`ஐ வெறும் `JOIN` ஆக்குவாங்க. அப்படிப் பண்ணா எதுவுமே எடுக்காத மூணாவது ஆள் கணக்குலேர்ந்தே காணாம போயிடுவாரு, முதல் ஆள் மூணு தடவை கூடறது அப்படியே இருக்கும், 8200 வரும். அந்த 8200ஐப் பாத்தா எங்கேர்ந்து வந்துச்சுன்னே புரியாது, ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைஞ்சிருக்கும்.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள நிறுத்தணும்னா ரெண்டையும் தனித்தனியா கூட்டுங்க, ஜாயினே பண்ணாதீங்க:

```sql
SELECT
 (SELECT SUM(ticket_price) FROM attendees
   WHERE order_id = 41)
 +
 (SELECT COALESCE(SUM(e.price), 0) FROM extras e
   WHERE e.attendee_id IN
     (SELECT id FROM attendees WHERE order_id = 41));
```

இது 6700 கொடுக்கும். ஆனா இது ஒட்டுப்போடறதுதான். நாளைக்கு கூப்பன் வரும், கேன்சல் வரும், அப்ப இன்னொரு டேபிள் சேரும், திரும்ப இதே கதை. நுழைவு டிக்கெட்டுக்கு ஒரு டேபிள், எக்ஸ்ட்ராவுக்கு ஒரு டேபிள்னு காசு ரெண்டு இடத்துல இருக்கறதுதான் அடிப்படைக் கோளாறு. காசு சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் ஒரே டேபிள்ல வரி வரியா வைங்க. மளிகைக் கடை பில்லுல அரிசியும் சோப்பும் ஒரே சீட்டுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வர்ற மாதிரி, நுழைவும் ஒரு வரி, சாப்பாடும் ஒரு வரி. உங்க ஆர்டர் இப்படி ஆகும்:

```text
வரி  ஆள்  பொருள்        எண்ணிக்கை  விலை (பைசா)
1    1    நுழைவு          1         150000
2    1    சாப்பாடு         1          25000
3    1    வொர்க்‌ஷாப்       1         120000
4    1    டி-சர்ட்         1          50000
5    2    நுழைவு          1         150000
6    2    சாப்பாடு         1          25000
7    3    நுழைவு          1         150000
```

மொத்தம் 670000 பைசா. க்வெரி ஒரே லைன், ஜாயின் கிடையாது:

```sql
SELECT SUM(qty * unit_paise) FROM order_lines
WHERE order_id = 41 AND status = 'active';
```

விலையை பைசாவுல முழு எண்ணா வச்சதுக்குக் காரணம் இருக்கு. புள்ளி வச்ச எண்ணா வச்சா ஜிஎஸ்டி, தள்ளுபடின்னு வர்றப்ப எங்கயோ ஒரு பைசா நழுவும். பேமென்ட் கேட்வேயும் பைசாவுலதான் கேக்கும், ரேஸர்பேல ஆர்டர் போடறப்ப `"amount": 670000`ன்னுதான் அனுப்பணும். அப்புறம் அந்தத் தொகையை சர்வர்ல இந்த வரிகளைக் கூட்டித்தான் எடுக்கணும், பிரௌசர் காட்டற மொத்தத்தை வாங்கி அப்படியே அனுப்பாதீங்க. பிரௌசர்ல இருக்கறதை யார் வேணாலும் மாத்தலாம்.

இ-சிட்டி கோடர்:

அக்கா DISTINCT விஷயம் புரிஞ்சுது, நன்றி. ஆனா ஒரே டேபிள்னா ஒவ்வொரு வரியிலயும் விலையைத் திரும்ப எழுதி வைக்கணுமே, பொருள் டேபிள்ல சாப்பாடு 250ன்னு இருக்கு, அதோட ஐடியை மட்டும் வச்சா போதாதா? ஒரே தகவலை ரெண்டு இடத்துல வைக்கக்கூடாதுன்னுதானே டிசைன்ல சொல்லுவாங்க.

லெட்ஜர் அக்கா:

நல்ல கேள்வி தம்பி. அது ரெண்டும் ஒரே தகவல் இல்ல. பொருள் டேபிள்ல இருக்கற 250 "இப்ப வந்து கேட்டா என்ன விலை"ங்கறது. வரியில இருக்கற 250 "இந்த ஆளு இத்தனாம் தேதி என்ன விலைக்கு வாங்கினாரு"ங்கறது. சமையல்காரர் பேசி 280 ஆக்கிட்டாருன்னு வைங்க, நீங்க பொருள் டேபிள்ல 280ன்னு மாத்தினதும் ஏற்கனவே 250 கட்டினவங்க பில்லைத் திறந்தா அதுவும் 280ன்னு காட்டும், மொத்தம் 6700க்கு பதிலா 6760 வரும், கட்டினது 6700, "பாக்கி 60"ன்னு சிஸ்டமே மெயில் அனுப்பும். அதனால ஆர்டர் போட்ட அந்த நிமிஷத்து விலையை வரியில காப்பி எடுத்து வச்சுடணும், பேரையும் சேத்துத்தான்.

அல்சூர்வாசி:

வணக்கம். சாப்பாடு பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். நாங்க இங்க தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் விழா நடத்துறோம், எங்களுக்கு சைட்டெல்லாம் கிடையாது, கூகுள் ஃபார்ம், அப்புறம் எக்ஸெல் ஷீட்டு. எங்க தலைவலி எப்பவும் சாப்பாட்டு எண்ணிக்கைதான். ஷீட்டுல காசு கட்டினவங்க கணக்கு வச்சு சமையல்காரர்கிட்ட எல சொல்லுவோம், பந்தியில உக்காந்தா எல பத்தாம போகும். நாடகத்துல நடிக்கற பிள்ளைங்க, மைக் செட்டுக்காரங்க, தன்னார்வலருங்க எல்லாம் சாப்பிடுவாங்க, அவங்க காசு கட்ட மாட்டாங்க. நீங்க எத்தனை பர்சண்ட் கூடச் சொல்றீங்க? பத்து போதுமா, இருபதா?

மடிவாளா பையன்:

அண்ணே என் கேள்வி பில்லு மொத்தம் பத்தினது, சமையல்காரர்கிட்ட சொல்ற எண்ணிக்கை வேற விஷயம், மன்னிச்சுக்கோங்க.

லெட்ஜர் அக்கா:

இல்ல தம்பி, அண்ணன் கேட்டது உங்களுக்கும் வேணும். உங்க மாநாட்டுல பேச வர்றவங்களுக்கும் தன்னார்வலருக்கும் சாப்பாடு இலவசம்தானே? அதை எப்படிப் பதிவு பண்றீங்க? பெரும்பாலும் என்ன பண்ணுவாங்கன்னா, இலவசம்தானேன்னு வரியே போட மாட்டாங்க. பில்லு மொத்தம் சரியாத்தான் இருக்கும். ஆனா சாப்பாடு எத்தனைன்னு அதே டேபிள்ல கேட்டா இவங்க யாரும் வர மாட்டாங்க, அப்புறம் அண்ணன் சொல்ற மாதிரி கையால கூட்டிச் சொல்லணும்.

இலவசமா இருந்தாலும் வரி போடுங்க, விலை 0ன்னு போடுங்க. மொத்தத்துல ஒண்ணும் மாறாது, எண்ணிக்கையில வந்துடும். டி-சர்ட்டும் அப்படித்தான், தன்னார்வலர் டி-சர்ட்டுக்கு 0 ரூபா வரி, அதுலயே சைஸையும் எழுதி வச்சுட்டா துணிக்கடைக்கு அனுப்பற லிஸ்ட்டும் அங்கேர்ந்தே வரும். மொத்தக் காசும் மொத்த எண்ணிக்கையும் ஒரே வரிகள்லேர்ந்து வரணும், ரெண்டுக்கும் தனித்தனி ஷீட்டு வச்சா ஒரு வாரத்துல ரெண்டும் ரெண்டு திசையில போயிடும்.

அல்சூர் அண்ணே, இப்படி எல்லாரையும் ஷீட்டுல 0 போட்டுச் சேத்துட்டா அப்புறம் பர்சண்ட் தனியா யோசிக்க வேண்டிய அளவு குறைஞ்சிடும். பதிவு பண்ணாமலே நேரா வர்றவங்களுக்குக் கூட வைக்கறது உங்க அனுபவம்தான், அதுக்கு என்கிட்ட நம்பர் இல்ல.

அல்சூர்வாசி:

சரிங்கம்மா, 0 போடறது நல்ல யோசனை, எங்க ஷீட்டுல காசு கட்டம் காலியா இருந்தா அந்த ஆளையே ஃபில்ட்டர்ல தூக்கிடுறோம், அங்கதான் போயிருக்கு.

மடிவாளா பையன்:

அக்கா நேத்து ராத்திரி உக்காந்து வரி டேபிளுக்கு மாத்திட்டேன், 6700 வருது, ரெண்டு பேர் ஒரே சாப்பாடு டெஸ்ட்டும் பாஸ் ஆகுது. இப்ப அடுத்தது. காசு கட்டின அப்புறம் நிறைய பேர் திரும்ப வந்து "எனக்கும் சாப்பாடு சேருங்க"ன்னு கேக்கறாங்க. அந்த மூணாவது ஆள் கூட இப்ப சாப்பாடு வேணும்ங்கறாரு. பழைய ஆர்டர்லயே ஒரு வரி சேத்தா மொத்தம் 6950 ஆயிடும், ஆனா அவங்களுக்கு 6700க்கு பில் போயாச்சு. பழைய பில்லை மாத்தி அனுப்பறதா, புதுசா 250க்கு தனி பில்லா?

ஜெயநகர் கணக்கு:

நான் ஆடிட் ஆபீஸ்ல வேலை பாக்கறவன், இதுக்கு நான் சொல்றேன். உங்க அமைப்பு ஜிஎஸ்டி பதிவு எடுத்ததா முதல்ல? எடுத்திருந்தா, அனுப்பின டேக்ஸ் இன்வாய்ஸைத் திருத்தி அதே நம்பர்ல திரும்ப அனுப்பற பழக்கமே வேணாம். அப்புறமா சேத்த சாப்பாட்டுக்கு 250க்கு புது இன்வாய்ஸ், புது நம்பர். யாராச்சும் வொர்க்‌ஷாப் வேணாம்னு கேன்சல் பண்ணா அதுக்கு கிரெடிட் நோட். பழைய இன்வாய்ஸ் அப்படியே இருக்கணும்.

மடிவாளா பையன்:

ஆமா சார், ட்ரஸ்ட் பேர்ல ஜிஎஸ்டி நம்பர் இருக்கு. 1500, 250 எல்லாமே வரி உள்ளடக்கின விலைதான்.

லெட்ஜர் அக்கா:

சார் சொன்னதை டேபிள்ல எப்படிக் கொண்டு வர்றதுன்னா: ஆர்டர் ஒண்ணுதான், அதுக்குக் கீழ இன்வாய்ஸ் ரெண்டு. ஒவ்வொரு வரிக்கும் அது எந்த இன்வாய்ஸ்ல போச்சுன்னு ஒரு கட்டம் வைங்க. புதுசா சேர்ந்த சாப்பாடு வரியில அது காலியா இருக்கும். ஆர்டர் மொத்தம் 6950, கட்டினது 6700, வித்தியாசம் 250, அதுக்கு மட்டும் பேமென்ட் லிங்க் போகணும். இங்க ஒரு தப்பு நடக்கும் பாருங்க, "மொத்தம்"ங்கற ஃபங்ஷனை அப்படியே கேட்வேக்கு அனுப்பினா 6950ஐயும் திரும்பக் கேக்கும். கட்ட வேண்டியதுன்னா எப்பவும் வரிகளோட மொத்தம் கழித்தல் இதுவரை வந்த காசு. அந்த "வந்த காசு"ம் தனி டேபிள்ல வரி வரியா இருக்கணும், ஆர்டர்ல `paid = true`ன்னு ஒரு டிக் மட்டும் வச்சிருந்தா இந்தக் கணக்கே போட முடியாது.

மடிவாளா பையன்:

அந்த டிக்தான் இருக்கு அக்கா. மாத்தறேன்.

ஒயிட்ஃபீல்ட் ராஜா:

நடுவுல வர்றேன். ஜிஎஸ்டின்னா நீங்க சாப்பாடு, டி-சர்ட்டுக்கெல்லாம் தனித்தனி ரேட்டு போட முடியாது. மாநாட்டு நுழைவுக்கு 18 சதவீதம், ஒரே பில்லுல வேற வேற பொருள் சேத்தா அது கலப்பு சப்ளை, எது அதிகமோ அந்த ரேட்டுதான் எல்லாத்துக்கும். எங்க கம்பெனியில அப்படித்தான் போடறாங்க. அதனால எல்லாத்துக்கும் 18 போட்டுட்டு நிம்மதியா இருங்க.

ஜெயநகர் கணக்கு:

ராஜா சார், பாதிதான் சரி. கலப்பு சப்ளைக்கு அதிக ரேட்டுங்கறது சட்டத்துல இருக்கு, சிஜிஎஸ்டி சட்டம் 8வது பிரிவு. ஆனா அதுக்கு "ஒரே விலை"ன்னு ஒரு நிபந்தனை இருக்கு. நுழைவும் டி-சர்ட்டும் சேத்து 2000 ரூபா பேக்கேஜ்னு வித்தா நீங்க சொல்றது பொருந்தும். இங்க தம்பி தனித்தனி விலை போட்டு, வேணும்னா எடு வேணாம்னா விடுன்னு விக்கறாரு. ஒரே தாள்ல அச்சடிச்சதால மட்டும் அது கலப்பு சப்ளை ஆயிடாது. டி-சர்ட்டுக்கு 5 சதவீதம்தான், 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஒரு உருப்படி 2500 ரூபா வரைக்கும் இருக்கற துணிமணிக்கு அந்த ரேட்டு, அதுக்கு முன்னாடி 1000 ரூபா வரைக்கும்தான் இருந்துச்சு.

சாப்பாட்டுக்கு நான் இங்க ரேட்டு சொல்ல மாட்டேன். யார் சமைக்கறாங்க, யார் பேர்ல விக்கறீங்கங்கறதைப் பொறுத்து மாறும், உங்க ஆடிட்டர்கிட்ட ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்க.

ஒயிட்ஃபீல்ட் ராஜா:

எங்க ஆடிட்டர் வேற மாதிரி சொல்றாரு சார், ஒரே நிகழ்ச்சிக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான் சாப்பாடு கிடைக்கும், வெளியாளுக்குக் கிடையாது, அப்ப அது நுழைவோட ஒட்டின சேவை, அதே 18தான்னு. நான் அவரு சொல்றதைத்தான் நம்புவேன்.

ஜெயநகர் கணக்கு:

சாப்பாட்டுக்கு அப்படி ஒரு வாதம் இருக்கத்தான் செய்யுது, மறுக்கல. அதனாலதான் நான் ரேட்டு சொல்லல. டி-சர்ட்டுக்கு அந்த வாதம் நிக்காது.

லெட்ஜர் அக்கா:

ரேட்டு எதுவானாலும் தம்பி பண்ண வேண்டியது ஒண்ணுதான், ரேட்டை ஒவ்வொரு வரியிலயும் விலை மாதிரியே காப்பி எடுத்து வைக்கணும். அப்ப ஆடிட்டர் என்ன சொன்னாலும் புது வரிகளுக்கு மட்டும் மாத்திக்கலாம்.

இந்த இடத்துல ஒரு பைசா பிரச்சினை வரும், முன்னாடியே சொல்லிடறேன். வரி உள்ளடக்கின 1500க்குள்ள 18 சதவீதம் எவ்ளோன்னா 1500 × 18 ÷ 118, அதாவது 228.81. அதைக் கர்நாடகாவுக்குள்ள மத்திய வரி, மாநில வரின்னு சரிபாதியா பிரிக்கணும், 228.81ஐப் பிரிச்சா சமமா வராது, ஒரு பைசா தொக்கி நிக்கும். அதனால பாதியை முதல்ல கண்டுபிடிங்க: 1500 × 9 ÷ 118 = 114.41. ரெண்டும் 114.41, சேத்து 228.82. மிச்சம் 1271.18 அடிப்படை விலை. மூணையும் கூட்டினா 1500.00 டாண்ணு நிக்கும். அடிப்படை விலையைத் தனியா ரவுண்ட் பண்ணாதீங்க, 1500லேர்ந்து வரியைக் கழிச்சு எடுங்க.

அதே மாதிரி இந்தக் கணக்கை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா போட்டு அதைத்தான் கூட்டணும். மூணு நுழைவுக்கும் சேத்து 4500ஐ எடுத்து ஒரே தடவை போட்டா பாதி வரி 343.22 வரும், மூணு தடவை 114.41ஐக் கூட்டினா 343.23. எது சரின்னு சண்டை போட வேணாம், பில்லுல மேல இருக்கற தொகைகளைக் கால்குலேட்டர்ல கூட்டறவருக்குக் கீழ இருக்கற மொத்தம் வரணும். அவங்க கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல அதைத்தான் பண்ணுவாங்க.

மடிவாளா பையன்:

இது செம தெளிவு அக்கா. டி-சர்ட்டுக்கும் போட்டுப் பாத்தேன், 500க்கு 5 சதவீதம், பாதி 11.90, ரெண்டு சேத்து 23.80, அடிப்படை 476.20, கூட்டினா 500.

கடைசியா வொர்க்‌ஷாப் சீட்டு. 30 சீட்டுதான் இருக்கு. இன்னைக்குக் காலையில 29 போயிருந்துச்சு, ஒரே நேரத்துல ரெண்டு பேர் கடைசி சீட்டை எடுத்துட்டாங்க, ரெண்டு பேருமே காசும் கட்டிட்டாங்க.

இ-சிட்டி கோடர்:

இதுல நான் உதவலாம் ப்ரோ. முதல்ல மிச்சம் எத்தனைன்னு படிச்சுட்டு அப்புறம் கழிச்சா நடுவுல இன்னொருத்தர் புகுந்துடுவாரு. படிக்கறதும் கழிக்கறதும் ஒரே ஸ்டேட்மெண்ட்ல இருக்கணும்:

```sql
UPDATE workshops SET seats_left = seats_left - 1
WHERE id = 3 AND seats_left > 0;
```

எத்தனை வரிசை மாறிச்சுன்னு பாருங்க. 1னா சீட்டு கிடைச்சுது, அந்த வரியை ஆர்டர்ல சேருங்க. 0னா தீந்துடுச்சு, வொர்க்‌ஷாப் வரி இல்லாம மொத்தத்தைத் திரும்பக் கூட்டிக் காட்டுங்க, அப்புறம்தான் பேமென்ட். இதைக் காசு கட்டறதுக்கு முன்னாடியே பண்ணணும்.

லெட்ஜர் அக்கா:

கரெக்ட்டு தம்பி, இதேதான். காசு கட்டாமப் போறவங்க சீட்டை எவ்ளோ நேரம் பிடிச்சு வைக்கறதுன்னு மட்டும் முடிவு பண்ணணும். நான் 15 நிமிஷம் வைப்பேன். அதுக்குள்ள கட்டலைன்னா சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, அந்த வரியோட ஸ்டேட்டஸை `expired`னு மாத்தணும், அழிக்கக் கூடாது.

ஒயிட்ஃபீல்ட் ராஜா:

15 நிமிஷம் முடிஞ்சு சீட்டை வேற ஆளுக்குக் கொடுத்த அப்புறம் முதல் ஆளோட காசு வந்துச்சுன்னா? யூபிஐல பெண்டிங்குன்னே நின்னுட்டு ரொம்ப நேரம் கழிச்சு வெற்றின்னு வரும், எனக்கே நடந்திருக்கு.

லெட்ஜர் அக்கா:

அப்ப வந்த காசு வரிகளோட மொத்தத்தைவிட 1200 கூட இருக்கும், ஏன்னா வொர்க்‌ஷாப் வரி `expired` ஆயிடுச்சு. நுழைவையும் சாப்பாட்டையும் உறுதி பண்ணிட்டு அந்த 1200ஐ மட்டும் திருப்பி அனுப்பிடணும், அன்னைக்கே.

இ-சிட்டி கோடர்:

அக்கா இதுல நான் ஒத்துக்க மாட்டேன். நிறைய பேர் வொர்க்‌ஷாப்புக்காகத்தான் மாநாட்டுக்கே வர்றாங்க. அது இல்லைன்னா 1500 நுழைவும் வேணாம்பாங்க. அவங்களைக் கேக்காம 1200ஐ மட்டும் அனுப்பிட்டு மிச்சத்தை வச்சுக்கறது நியாயமா படல. அறையில ரெண்டு நாற்காலி கூடப் போட்டு உக்கார வச்சுடலாம்.

லெட்ஜர் அக்கா:

நாற்காலி போடலாம், வொர்க்‌ஷாப் எடுக்கறவர் 30 கிட்டுதான் கொண்டு வர்றாருன்னா என்ன பண்ணுவீங்க? ஆனா கேட்டுட்டு அனுப்பணும்ங்கறது சரி, முழுசா திரும்ப வேணுமா, வொர்க்‌ஷாப் மட்டுமான்னு அவங்களே சொல்ற மாதிரி மெயில் அனுப்பலாம். எத்தனை நாள் காத்திருக்கறதுங்கறதை உங்க குழு முடிவு பண்ணட்டும்.

மடிவாளா பையன்:

குழுவுல கேட்டேன், பாதி பேர் நாற்காலி, பாதி பேர் ரீஃபண்ட். வொர்க்‌ஷாப் எடுக்கறவர்கிட்ட கிட்டு எத்தனைன்னு கேட்டிருக்கோம், அவரு பதில் வந்ததும் பாக்கலாம்.

பழைய ஆர்டர்களைச் சரி பாக்க ஆரம்பிச்சேன். அதிகமா வாங்கினது எல்லாம், கோடர் ப்ரோ முதல்ல சொன்ன மாதிரி, 1500 இல்லைன்னா 3000, இல்ல அதோட மடங்காத்தான் இருக்கு. ஒரே ஆள் ரெண்டோ மூணோ எக்ஸ்ட்ரா எடுத்த ஆர்டர்கள்ல மட்டும். வரி டேபிளுக்கு மாத்தின அப்புறம் வந்த ஒரே ஒரு ஆர்டர்ல மட்டும் 250 கூட இருக்கு, அது இந்தக் கணக்குல சேரல.

லெட்ஜர் அக்கா:

1500ஓட மடங்கா இருக்கறது எல்லாம் அந்த ஜாயின் வேலைதான், பயப்படாம ரீஃபண்ட் போடுங்க, கூடவே கிரெடிட் நோட். அந்த 250 வேற. ஒண்ணு சாப்பாடு பட்டனை ரெண்டு தடவை அமுக்கியிருப்பாங்க, இல்லைன்னா அவங்க வீட்டு ஆளுக்கு நிஜமாவே இன்னொரு சாப்பாடு சேத்து வாங்கியிருப்பாங்க. வரி எந்த நேரத்துல பதிவாச்சுன்னு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு செகண்டுதான்னா ரெண்டு தடவை அமுக்கினது, அஞ்சு நிமிஷம்னா அவங்களே சேத்தது.

மடிவாளா பையன்:

பாத்தேன் அக்கா, ரெண்டு வரிக்கும் ஒரே செகண்டு. சேமிக்கற பட்டனை முதல் கிளிக்லயே முடக்கிடறேன், சர்வர்லயும் ஒரு ஆளுக்கு ஒரு சாப்பாடுதான்னு யூனிக் கட்டுப்பாடு போட்டுடறேன். அவங்களுக்கு 250 இன்னைக்கே போயிடும்.

அல்சூர்வாசி:

தம்பி ஒரு ஆளுக்கு ஒரு சாப்பாடுன்னு பூட்டிடாதீங்க, ரெண்டு நாள் மாநாடுன்னு சொன்னீங்களே, ரெண்டாவது நாள் சாப்பாடு எப்படி வாங்குவாங்க?

மடிவாளா பையன்:

ஐயோ ஆமாண்ணே, நல்லவேளை சொன்னீங்க. நாள் வாரியா சாப்பாட்டை ரெண்டு பொருளா பிரிச்சு, ஆள், பொருள் ரெண்டும் சேத்து யூனிக்னு போடறேன். சமையல்காரருக்கும் நாள் வாரியா எண்ணிக்கை கிடைச்சுடும்.